"வித்தியாசமா இருக்கே!" – புகழ்ச்சிக்குள் ஒளிந்திருக்கும் குத்தல்



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

"கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." "தமிழ் மீடியத்துல படிச்சும் இங்கிலீஷ் நல்லா பேசறியே!" "இந்தச் சம்பளத்துல வீடு கட்டிட்டியே, கெட்டிக்காரன்தான்." நம் வீட்டு விசேஷங்களில் இப்படி ஒரு வாக்கியமாவது காதில் விழாமல் இருக்காது. கேட்டவர் சிரிப்பார். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் உறுத்தும். அது பாராட்டா, கேலியா, அவமானமா என்று அவருக்கே பிடிபடாது. சொன்னவரிடம் கேட்டால், "நல்லதுதானே சொன்னேன், இதுக்குப் போய் கோவிச்சுக்கறியே" என்பார். கடைசியில் குற்றவாளி கேட்டவராகிவிடுவார்.

இதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று தமிழில் பெயரே உண்டு. பள்ளியில் தமிழய்யா நடத்தியது நினைவிருக்கும்: புகழ்வது போலப் பழிப்பது, பழிப்பது போலப் புகழ்வது, இரண்டுமே இந்த அணியில் அடங்கும். நான் வரலாற்று வாத்தியார். அதனால் மூன்று வரலாற்று நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு, இது எப்படி வேலை செய்கிறது, எப்போது விளையாட்டு, எப்போது மறைந்த குத்து என்று பார்க்கிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த கதை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் காஞ்சியில் இருந்த தொண்டைமானுக்கும் பகை. அதியமானுக்காக ஔவையார் தூது போகிறார். தொண்டைமான் அவரைத் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துப்போய் ஆயுதங்களைக் காட்டுகிறான். 'இவ்வளவு இருக்கிறது, போய்ச் சொல்' என்பதுதான் அதன் பொருள். அங்கே ஔவையார் பாடியது புறநானூற்றில் 95ஆம் பாடல். அதன் கருத்து இது: இங்கே உள்ள ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன.

இந்தப் பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. தொண்டைமானை இகழும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. 'நீ கோழை' என்றோ 'உன் படை போர் பார்க்காதது' என்றோ அவர் சொல்லவில்லை. அவன் ஆயுதங்களின் அழகைத்தான் சொன்னார். தூது, தொண்டைமான், ஆயுதக் கொட்டில் என்ற செய்தியெல்லாம் பாட்டின் கீழே உள்ள குறிப்பிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது. அந்தக் குறிப்பை மறைத்துவிட்டுப் படித்தால் குத்து பாதி மறைந்துவிடும்.

அப்படியானால் குத்து எங்கே இருக்கிறது? அளவுகோலில். எந்தப் பாராட்டுக்குள்ளும் சொல்லாத ஒரு அளவுகோல் இருக்கும். ஆயுதத்துக்குரிய அளவுகோல் போரில் உழைத்தது. ஔவையார் அதை விட்டுவிட்டு, பளபளப்பு என்ற அளவுகோலால் அளந்து முழு மதிப்பெண் போட்டார். தவறான பாடத்தில் நூற்றுக்கு நூறு! கணக்குப் பரீட்சைத் தாளைத் திருத்திவிட்டு, "கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்று மட்டும் நான் எழுதிக் கொடுத்தால் கணக்கு என்ன ஆனது என்று உங்களுக்குப் புரியாதா? அப்படித்தான் இதுவும். பொய் ஒன்றும் இல்லை, திட்டு ஒன்றும் இல்லை. மிச்சத்தைக் கேட்பவனே கணக்குப் போட்டுக்கொள்கிறான். அவனே போட்ட கணக்கு என்பதால்தான் வலியும் அதிகம்.

இப்போது தமிழ்நாட்டை விட்டு லண்டனுக்குப் போவோம். இதே அளவுகோல் வித்தை அங்கே வேறு விதமாக நடந்தது.

1954 நவம்பர் 30. பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எண்பதாவது பிறந்தநாள். நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் உறுப்பினர்களும் பணம் போட்டு அவருக்கு ஓர் உருவப்படம் வரைந்து பரிசளிக்க முடிவு செய்திருந்தார்கள். வரைந்தவர் கிரஹாம் சதர்லாண்ட் என்ற புகழ்பெற்ற ஓவியர். அவருக்குப் பேசிய தொகை ஆயிரம் கினி, அதாவது 1,050 பவுண்டு. சர்ச்சில் தன் வீட்டிலேயே அவருக்காகப் பல நாள் உட்கார்ந்தார்.

சதர்லாண்ட் முகத்தை மெருகூட்டி வரைபவர் அல்லர், கண்ணில் பட்டதை வரைபவர். முந்தைய ஆண்டுதான் சர்ச்சிலுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. அதை மக்களுக்குச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார்கள். படத்திலோ நாற்காலியின் கைகளைப் பற்றிக்கொண்டு, தளர்ந்து, சிடுசிடுப்போடு ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். விழாவுக்குச் சில நாள் முன்பு படத்தைப் பார்த்த சர்ச்சில் கொதித்துப் போனார். படம் இல்லாமலே விழா நடக்கட்டும் என்று ஓவியருக்கு எழுதினார். உறுப்பினர்கள் அன்போடு தரும் பரிசை மறுத்தால் அவர்கள் மனம் புண்படும் என்று எடுத்துச் சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார்கள்.

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் நிறைந்திருந்தது. தொலைக்காட்சி கேமராக்களும் இருந்தன. சதர்லாண்டும் வந்திருந்தார். சர்ச்சில் எழுந்து படத்தைப் பற்றிச் சொன்னதன் சாரம் இதுதான்: இந்தப் படம் நவீன ஓவியத்துக்கு ஒரு குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு. மண்டபம் குலுங்கச் சிரித்தது. அதன்பின், இதில் வலிமையும் ஒளிவுமறைவற்ற தன்மையும் சேர்ந்திருக்கின்றன என்றும், அவை எந்த அவை உறுப்பினருக்கும் வேண்டிய குணங்கள் என்றும் சொல்லி முடித்தார்.

எழுத்தில் படித்தால் இதில் குறை எங்கே? 'குறிப்பிடத்தக்க', 'வலிமை', 'ஒளிவுமறைவற்ற' எல்லாமே நல்ல சொற்கள். பின் ஏன் சிரித்தார்கள்?

நம் வீட்டுச் சமையலறைக்கு வாருங்கள், புரிந்துவிடும். புதுமருமகள் சாம்பார் வைக்கிறாள். மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "வித்தியாசமா இருக்கே" என்கிறார். 'வித்தியாசம்' கெட்ட சொல்லா? இல்லை. ஆனால் நன்றாக இருந்தால் 'நல்லா இருக்கு' என்றுதானே சொல்லியிருப்பார்? சாம்பாருக்குரிய சொல் வரவேண்டிய இடத்தில் வேறொரு சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. உருவப்படம் என்றால் முதலில் சொல்ல வேண்டியது 'என்னைப் போலவே இருக்கிறது' என்பது. சர்ச்சில் அதைச் சொல்லவே இல்லை. 'நவீன ஓவியம்' என்ற பெட்டிக்குள் படத்தைத் தள்ளிவிட்டார். அந்தக் காலத்தில் அங்கே பெரியவர்கள் பலருக்கு நவீன ஓவியம் என்றாலே கேலிதான். ஔவையார் செய்ததும் இதுதான், உரிய அளவுகோலை ஒளித்துவிட்டு வேறொன்றால் அளந்தது.

இது விளையாட்டா, அவமானமா? அந்த ஒரு நிமிடத்தை மட்டும் பார்த்தால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைப் பார்க்க வேண்டும். முன்னால் நடந்தது படமே வேண்டாம் என்ற கடிதம். பின்னால் நடந்தது இன்னும் மோசம். அந்தப் படம் சர்ச்சில் வீட்டுக்குப் போனது, யார் கண்ணிலும் படவில்லை. அவர் 1965இல் இறந்தார். மனைவி கிளெமென்டைன் 1977 டிசம்பரில் இறந்த பிறகு, 1978இல்தான் உண்மை வெளிவந்தது. படத்தை அவர் எப்போதோ அழிக்கச் செய்துவிட்டார், தன் கணவரை அது வருத்தியது என்பதற்காக. அப்போது சதர்லாண்ட் உயிரோடு இருந்தார். தன் படைப்பு சாம்பலான செய்தியை அவரே கேட்டார்.

ஆக, மண்டபத்தில் சிரித்தவர்களுக்கு அது நகைச்சுவை. சொன்னவருக்கு அது கோபம். சொல்லப்பட்டவருக்கு அது அவமானம். மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் இருந்தன.

சர்ச்சிலுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பிடிக்காத பரிசை நாடே பார்க்கும்போது ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவருக்கு. தன் முதுமையைப் பலர் முன்னிலையில் மாட்டிவைத்தது போல் அவருக்கு வலித்திருக்கும். 'பிடிக்கவில்லை' என்று நேராகச் சொல்ல வழியில்லாதவர்கள் வஞ்சப்புகழ்ச்சிக்குள் போய் ஒளிந்துகொள்வது உலக வழக்கம். ஔவையாரும் அப்படித்தான். தூதுவர், விருந்தாளி, திட்ட முடியாது. ஆனால் இருவருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஔவையார் அதை மேல்நோக்கி எறிந்தார். கேட்டவன் அரசன், கையில் படை வைத்திருப்பவன், விரும்பினால் அங்கேயே பதில் சொல்லக்கூடியவன். சர்ச்சில் கீழ்நோக்கி எறிந்தார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஓவியர் எழுந்து, "ஐயா, நான் கண்டதைத்தான் வரைந்தேன்" என்று சொல்ல முடியுமா? பிரதமரின் எண்பதாவது பிறந்தநாள், மண்டபம் முழுக்க அவர் பக்கம்.

இதுதான் என் முதல் சோதனை. கேட்டவரால் அதே இடத்தில், அதே சிரிப்போடு திருப்பிச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அது பெரும்பாலும் விளையாட்டு. முடியாது என்று தெரிந்தே சொன்னால் அது குத்து.

மூன்றாவது நிகழ்ச்சி நம் காலத்தது. முதல் இரண்டிலும் சொன்னவர்கள் தெரிந்தே சொன்னார்கள். இதில் அப்படி இல்லை.

2007 ஜனவரி 31. ஜோ பைடன் அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் போட்டியிடுவதாக அறிவித்த நாள். அதே கட்சியில் பராக் ஒபாமாவும் களத்தில் இருந்தார். ஒரு பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் பைடன் ஒபாமாவைப் புகழ்ந்திருந்தார். தெளிவாகப் பேசும், அறிவுள்ள, சுத்தமான, பார்க்கவும் நன்றாக இருக்கும் முதல் முக்கியக் கறுப்பினத் தலைவர் என்கிற பொருளில் சொன்னார். அது அன்றைக்கே பெரிய சர்ச்சையாகி, அவர் வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது.

ஒபாமாவைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பாராட்டுத்தான். குத்து 'முதல்' என்ற சொல்லில் இருக்கிறது. இவர்தான் முதல் என்றால், இவருக்கு முன்னால் வந்தவர்கள்? ஒருவரைத் தூக்கிவிடுவதற்காக ஒரு கூட்டத்தையே கீழே தள்ளிய வாக்கியம் அது. ஒபாமா அதற்குத் தந்த பதில் வகுப்பில் பாடமாக வைக்கத்தக்கது. தனிப்பட்ட முறையில் தனக்கு வருத்தம் இல்லை, ஆனால் அது வரலாற்றின்படி சரியில்லை என்றார். ஜெஸ்ஸி ஜாக்சன், ஷெர்லி சிஷோல்ம், கேரல் மோஸ்லி பிரான், அல் ஷார்ப்டன் என்று முன்பே அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட நால்வரின் பெயரைச் சொல்லி, அவர்களைப் பேசத் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்றார். கோபப்படவும் இல்லை, நன்றி சொல்லிவிட்டு நழுவவும் இல்லை. தனக்குக் கொடுத்த பாராட்டைப் பற்றிப் பேசாமல், தன் கூட்டத்தை அளந்த அளவுகோலை மட்டும் திருத்தினார். அடுத்த ஆண்டு அதே பைடனைத் துணை அதிபர் வேட்பாளராகவும் தேர்ந்தெடுத்தார். உறவை முறிக்காமலே தவறைச் சுட்டலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நம் மாணவி ஒருத்தி, இன்று கல்லூரியில் பாடம் நடத்துகிறாள், போன மாதம் போனில் கேட்டாள். ஒரு கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், "உங்க ஊர்ப் பக்கத்துல இருந்து வந்தும் இவ்வளவு தெளிவா பேசறீங்களே" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். "சார், நான் நன்றி சொல்லணுமா, சண்டை போடணுமா?" என்றாள். இரண்டும் வேண்டாம் என்றேன். "எங்க ஊர்ல இப்படிப் பேசறவங்க நிறைய பேர் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் போதும். ஒபாமா செய்தது அவ்வளவுதான்.

அந்த வாக்கியத்தில் குத்து எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? 'வந்தும்' என்பதில் உள்ள 'உம்'மில். நன்னூலில் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்லியிருப்பது நினைவிருக்கலாம். அதில் ஒன்று சிறப்பும்மை. அது உயர்வு சிறப்பும்மை, இழிவு சிறப்பும்மை என்று இரண்டு வகைப்படும். "உனக்கும் சமைக்க வருதே" என்றால் அது இழிவு சிறப்பும்மை. 'சமைக்க வராத பட்டியலில் நீதான் கடைசி ஆள் என்று நினைத்திருந்தேன்' என்பதை ஒரே ஒரு 'உம்' சொல்லிவிடுகிறது. 'இருந்தாலும்', 'படிச்சும்', 'நீகூட', 'பரவாயில்லையே' இவையெல்லாம் ஒரே குடும்பம். பாராட்டு வாக்கியத்தின் நடுவில் இவை வந்தால், பேசுபவர் உங்களை எங்கே வைத்திருந்தார் என்று தெரிந்துவிடும்.

எனவே இரண்டாவது சோதனை. அந்த 'உம்'மை எடுத்துவிட்டு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். "களையா இருக்கா." "இங்கிலீஷ் நல்லா பேசறே." "வீடு கட்டிட்டே, கெட்டிக்காரன்." முழுப் பாராட்டும் அப்படியே நிற்கிறதல்லவா? அப்படியானால் வெட்டி எறிந்த பகுதி எதற்காக வந்தது? பாராட்டுக்கு அது தேவைப்படவில்லை. தாழ்த்துவதற்குத்தான் தேவைப்பட்டது, தெரிந்தோ தெரியாமலோ.

தெரியாமல் என்றும் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் மனதில் வஞ்சம் வைத்துக்கொண்டு பேசுவதில்லை. 'கறுப்பா இருந்தாலும்' என்று சொல்லும் பாட்டிக்குப் பேத்தி மேல் உயிர். அவர் வளர்ந்த காலம் அவர் கையில் கொடுத்த அளவுகோல் அது. ஆனால் எட்டு வயதுப் பேத்திக்குப் பாட்டியின் மனம் தெரியாது, வாக்கியம் மட்டும்தான் தெரியும். 'கறுப்பு ஒரு குறை' என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். பைடனுக்கும் வஞ்சம் இல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அந்த 'முதல்' என்ற சொல் செய்த வேலை மாறவில்லை. உள்நோக்கம் இல்லையென்றால் சொன்னவரை மன்னிக்கலாம். வாக்கியத்தையும் சேர்த்து மன்னித்துவிட்டால் அது அடுத்த தலைமுறைக்கும் போகும்.

அப்படியென்றால் நண்பர்களுக்குள் கேலியே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். உங்கள் பழைய மாணவர் சந்திப்பில் நானே கேட்டிருக்கிறேன்: "டேய் எருமை, பரீட்சையில என் பேப்பரைப் பாத்து எழுதினவன், இன்னைக்கு எஞ்சினியரா?" அவன் கட்டிப்பிடித்துக்கொண்டான். வஞ்சப்புகழ்ச்சியின் இரண்டாவது பாதி இது, பழிப்பது போலப் புகழ்வது. மேலே திட்டு, அடியில் பெருமை. மறைந்த குத்தில் இது தலைகீழ், மேலே பெருமை, அடியில் திட்டு. அன்புள்ளவர்கள் வெளிப்படையாகத் திட்டிவிட்டுப் பாசத்தை ஒளித்து வைப்பார்கள். அவமதிப்பவர்கள் வெளிப்படையாகப் புகழ்ந்துவிட்டு இகழ்ச்சியை ஒளித்து வைப்பார்கள். எது அடியில் இருக்கிறது என்று பாருங்கள், ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

இன்னும் சந்தேகமா? மூன்றாவது சோதனை ஒன்று இருக்கிறது. எந்தக் கோபமும் காட்டாமல், "புரியலையே, எதைச் சொல்றீங்க?" என்று கேளுங்கள். விளையாட்டாகச் சொன்னவர் சிரித்துக்கொண்டே விளக்கிவிடுவார், அல்லது உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்பா வந்துடுச்சு, விடு" என்பார். குத்தியவரால் விளக்க முடியாது. விளக்கினால் ஒளித்து வைத்ததை வெளியே எடுக்க வேண்டும். அதனால் உங்கள் மேலேயே திருப்புவார்: "உனக்கு ஜோக்கே புரியாதா?" அந்தப் பதில் வந்தால், உங்களுக்குப் புரிந்தது சரிதான் என்று அர்த்தம்.

இந்தச் சோதனைக்கு எல்லையும் உண்டு. வேலை போய்விடும் என்கிற இடத்தில், மேலதிகாரி முன்னால், இந்தக் கேள்வியைக் கேட்க எல்லோராலும் முடியாது. அங்கே பக்கத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிரிக்காமல் இருப்பது. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ஓவியருக்கு எதிராக வேலை செய்தது சர்ச்சிலின் வாக்கியம் மட்டுமல்ல, அதற்குக் கிடைத்த சிரிப்பும்தான். அந்தச் சிரிப்பு மட்டும் எழாமல் இருந்திருந்தால், அச்சில் இருப்பது போலவே அது வெறும் பாராட்டாக நின்றிருக்கும். பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது யாராவது ஒரு பெண்ணிடம் 'இருந்தாலும்' என்று ஆரம்பித்தால், நீங்கள் சிரிக்காமல் இருந்து பாருங்கள்.

உங்கள் காதில் விழுந்த 'இருந்தாலும்', 'கூட' வாக்கியங்கள் ஏதாவது நினைவுக்கு வந்தால் கீழே எழுதுங்கள். ஆள் பெயர் வேண்டாம், வாக்கியம் மட்டும் போதும். உம்மை எங்கே இருக்கிறது என்று சேர்ந்து தேடுவோம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்